படத்தில் இருப்பது தினையா, பனிவரகா? கதிரும் மணியும் காட்டும் அடையாளங்கள்

கேள்வி: ஜவ்வாது மலைப் பக்கம் போனபோது வயலோரம் மூன்று கதிர்களைப் போட்டோ எடுத்தேன். கேழ்வரகு, தினை, கம்பு என்று நினைக்கிறேன். அங்கே சந்தையில் வாங்கிய மஞ்சள் தானியத்தின் போட்டோவும் இருக்கிறது. தினை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் நினைப்பது சரியா? போட்டோவை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

முதல் படம் கேழ்வரகுதான். இரண்டாவது தினை. மூன்றாவது கம்பு இல்லை, மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் புல். நான்காவது படத்தில் இருக்கும் மஞ்சள் மணி தினை இல்லை, உமி நீக்கிய பனிவரகு என்று நினைக்கிறேன். நான்காவதுதான் இதில் சிக்கலானது, அதனால் அதைக் கடைசியில் விரிவாகப் பார்க்கலாம்.

கதிரைப் பார்க்கும்போது எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நிறம் கதிரில் கிட்டத்தட்ட எதற்கும் உதவாது. தினையில் மஞ்சள் கதிர் உண்டு, ஊதா கலந்த கதிரும் உண்டு. கேழ்வரகில் பச்சைக் கதிரும் ஊதாக் கதிரும் பக்கத்துப் பக்கத்து வயலில் நிற்கும். அதே கதிர் முற்றும்போது மறுபடி நிறம் மாறும். மாறாதது கதிரின் கட்டுமானம்: நடுத்தண்டு எங்கே முடிகிறது, கிளைகள் எங்கிருந்து புறப்படுகின்றன, மணி கிளையின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றும் படத்தில் தெரிந்தால் போதும்.

உங்கள் முதல் படத்தில் தண்டின் உச்சியில் ஒரே இடத்திலிருந்து ஆறு விரல்கள் விரிகின்றன. ஏழாவது ஒன்று அவற்றுக்குக் கொஞ்சம் கீழே, தனியாகக் கட்டைவிரல் மாதிரி நிற்கிறது. கேழ்வரகில் இது அடிக்கடி பார்க்கக்கூடியது. ஒவ்வொரு விரலிலும் மணிக்கொத்துகள் இரண்டு வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல், விரலின் ஒரு பக்கத்தில் மட்டும் நெருங்கி இருக்கும். மறுபக்கம் விரலின் தண்டு வெறுமையாகத் தெரியும். சுணை கிடையாது. முற்றிய கதிரானால் உமிகளுக்கு நடுவே பழுப்பு மணி எட்டிப் பார்ப்பது படத்திலேயே தெரியும். உங்கள் படத்தில் அது தெளிவாக இருக்கிறது.

கேழ்வரகில் விரல்கள் எல்லா ரகத்திலும் இப்படி விரிந்திருக்காது. சில ரகங்களில் நுனி உள்ளே வளையும், சிலவற்றில் மூடிய கைமுட்டி போலவே சுருண்டிருக்கும். அப்படிப்பட்ட கதிரை மேலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் ஒரு பழுப்பு உருண்டைதான் தெரியும், விரல் இருப்பதே தெரியாது. பக்கவாட்டில், கதிர் தண்டோடு சேரும் இடம் தெரிய எடுத்தால் குழப்பம் வராது.

கேழ்வரகோடு குழம்புவது பெரும்பாலும் களைப்புற்கள். வயலிலேயே கூட வளரும் ஒரு காட்டுக் கேழ்வரகு இருக்கிறது. எலூசின் இண்டிகா என்பது அதன் தாவரப் பெயர், பயிர் கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம். அதிலும் விரல்கள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும், கட்டைவிரலும் இருக்கும். ஆனால் விரல்கள் மெலிந்து, அரை சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாமல், தட்டையாக இருக்கும். உருண்டை மணி எட்டிப் பார்க்காது. பாதையோரத்தில் வளரும் காக்காய்க்கால் புல்லில் விரல்கள் குட்டையாக, நட்சத்திரம் போல விரியும். ஒவ்வொரு விரலின் நுனியிலும் மணியில்லாத கூர்முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனை தெரிந்தால் அது கேழ்வரகு இல்லை. ஊதா நிறத்தில் பஞ்சு போல மயிர் அடர்ந்த விரல்களாக இருந்தால் அதுவும் களைதான்.

பயிர்களில் விரல் விரலாகத் தெரியும் இன்னொன்று வரகு. இதில்தான் கட்டுமானம் பார்ப்பது கைகொடுக்கும். வரகில் கிளைகள் சிலவே இருக்கும், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வரை. அவை ஒரே இடத்திலிருந்து கிளம்பாது. தண்டில் ஒன்று இங்கே, அடுத்தது கொஞ்சம் மேலே மறுபக்கம் என்று இடைவெளி விட்டு வரும். கிளையின் தண்டே நாடா மாதிரி தட்டையாக, அகலமாக இருக்கும். மணிகள் அதை ஒட்டி வரிசையாகப் பதிந்திருக்கும். ஒரு வரகு மணியை எடுத்தால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குமிழ். ஆக, ‘விரல் ஒரே புள்ளியிலா, தள்ளித் தள்ளியா’ என்ற ஒரே கேள்வி கேழ்வரகையும் வரகையும் பிரித்துவிடும்.

இரண்டாவது படத்துக்கு வருவோம். தினை, கம்பு இரண்டுமே உருளையான கதிர்கள், இரண்டிலும் சுணை உண்டு. தூரத்தில் எடுத்த படத்தில் குழம்புவது இயல்பு. தினைக் கதிர் முற்றினால் தலை கவிழும், கம்பு விறைத்து நிற்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் இளம் தினைக் கதிரும், குட்டைக் கதிர் ரகங்களும் நிமிர்ந்துதான் நிற்கும். அறுத்துக் கையில் பிடித்து எடுத்த படத்தில் எது மேல் எது கீழ் என்பதே தெரியாது. அதனால் வளைவை மட்டும் நம்ப வேண்டாம்.

நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம். ஒன்று, மணி வெளியே தெரிகிறதா என்பது. முற்றிய கம்பில் மணி உமியைத் தள்ளிக்கொண்டு வெளியே பருத்து நிற்கும். கதிரின் மேலெல்லாம் வழவழப்பான உருண்டைத் தலைகள் அடுக்கி வைத்தது போலிருக்கும். சாம்பல், பசுஞ்சாம்பல், மஞ்சள் கலந்த வெள்ளை என்று அந்த நிறமே மணியின் நிறம். தினையில் அப்படி இல்லை. மணியை உமி முழுக்க மூடியிருக்கும், கதிரில் நாம் பார்ப்பது உமியின் நிறத்தைத்தான். இரண்டாவது விஷயம், கதிரின் மேற்பரப்பு. தினைக் கதிரில் நடுத்தண்டிலிருந்து சிறுசிறு கொத்துகள் வரும், ஒவ்வொரு கொத்திலும் பல மணிகள் இருக்கும். அதனால் கதிர் மேடும் பள்ளமுமாக இருக்கும். அடிப்பக்கத்தில் கொத்துகளுக்கு நடுவே இடைவெளியும் தெரியும். கம்பில் கொத்து கொத்தாகப் பிரியாது. மணிகள் நடுத்தண்டைச் சுற்றிலும் ஒரே சீராக இறுகியிருக்கும், மேற்பரப்பு மெழுகுவர்த்தி போலச் சமமாகத் தெரியும்.

உங்கள் இரண்டாவது படத்தில் கதிர் வளைந்த இடத்தில் கொத்துகள் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. மணி தெரியவில்லை, மஞ்சள் உமிதான் தெரிகிறது. மணிகளுக்கு நடுவே மெல்லிய சுணை நீட்டிக்கொண்டிருக்கிறது. தினை என்று தயங்காமல் சொல்லலாம். தினைக்கும் காட்டுச் சொந்தங்கள் உண்டு. அவற்றின் கதிர் விரல் தடிமன்கூட இருக்காது, முற்றினால் மணி தானாக உதிர்ந்து சுணை மட்டும் தண்டில் நிற்கும். துணியில் ஒட்டிக்கொள்ளும் புல் ஒன்று அந்த வகையில் இருக்கிறது. பயிர்த் தினை அப்படி உதிராது, அடித்துத்தான் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது படம் ஏமாற்றக்கூடியது. கதிரின் வடிவம் கம்பு மாதிரியே இருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது: கம்பையும் நேப்பியர் புல்லையும் சேர்த்து உருவாக்கிய ஒட்டுப்புல் அது. பால்மாடு வைத்திருப்பவர்கள் வரப்பிலும் கிணற்றோரத்திலும் நடுவது. கம்புக்கும் நேப்பியருக்கும் குரோமோசோம் எண்ணிக்கை வேறு. அந்தக் கலப்பில் பிறந்தது மலடு, விதை பிடிக்காது. அதனால்தான் கரணை வெட்டி நடுகிறார்கள். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கதிர் மெலிந்திருக்கிறது, நீளமான சுணை சிலிர்த்து நிற்கிறது, ஒரு மணித் தலைகூட இல்லை.

‘பூக்கும் பருவத்துக் கம்பாக இருக்கலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூத்த கம்பிலும் மணி இருக்காது. கிளி கொத்திய கம்பிலும் இருக்காது. கிளி கொத்தியதில் காலி உமிகள் பிய்ந்து, அங்கங்கே ஒன்றிரண்டு மணி தப்பியிருக்கும். பூத்த கம்பு என்றால் கதிரெங்கும் வெள்ளை இழைகளோ, பிறகு வரும் மகரந்தப் பைகளோ தொங்கும். உங்கள் படத்தில் இரண்டும் இல்லை, கதிர் காய்ந்து பழுத்த நிறத்தில் இருக்கிறது. அதைவிட உறுதியான அடையாளம் படத்தின் கீழ் மூலையில் இருக்கிறது. ஒரே தூரிலிருந்து ஏகப்பட்ட தண்டுகள், அவற்றுக்கு நடுவே முன்பு அறுத்த கட்டைகள். கம்பு ஒரு போகப் பயிர். அதற்கு அப்படிப் பழைய கட்டைகள் சேர்ந்த தூர் இருக்காது. கதிரை மட்டும் வெட்டி எடுத்த படமாக இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கதிரே இலைகளாக மாறிப் பச்சைத் துடைப்பம் போல நிற்கும் படம் கிடைத்தால் அதைப் புது ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். அடிச்சாம்பல் நோய் தாக்கிய கம்பு அது.

இனி மணி. மணிப் படத்தில் முதல் கேள்வி, அது உமியோடு இருக்கிறதா, உமி நீக்கியதா என்பது. கம்பும் கேழ்வரகும் அடித்தாலே உமியிலிருந்து பிரிந்துவிடும். வயலில் பார்த்ததும் கடையில் பார்ப்பதும் ஒரே மணிதான். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்தும் அடித்த பிறகும் உமிக்குள்ளேயே இருக்கும், இயந்திரத்தில் கொடுத்துத்தான் அரிசி எடுக்க வேண்டும். அதனால் அந்த ஐந்துக்கும் இரண்டு முகம் உண்டு. ‘தினை மஞ்சள், பனிவரகு வெள்ளை’ என்பது போன்ற வாய்ப்பாடுகள் குழப்புவது இங்கேதான். உமியின் நிறத்தைச் சொல்கிறார்களா, உள்ளே இருக்கும் அரிசியின் நிறத்தைச் சொல்கிறார்களா என்றே தெரியாது. பனிவரகின் உமி வெளிர்மஞ்சளாகவும் இருக்கும், சிவப்பாகவும் இருக்கும், கறுப்பாகவும் இருக்கும். உள்ளே அரிசி எல்லாவற்றிலும் மஞ்சள் சாயல்தான்.

கம்பு மணியில் சந்தேகம் வராது. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், ஒரு முனை உருண்டு மறுமுனை கூராக, சொட்டு வடிவத்தில் இருக்கும். கேழ்வரகு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு உருண்டை. அதைக் கடுகு என்று சொன்னவர்களும் உண்டு, செங்கடுகின் படத்தைக் கேழ்வரகு என்று அனுப்பியவர்களும் உண்டு. கேழ்வரகின் மேல் நுண்ணிய சொரசொரப்பும் ஒரு பக்கம் சிறு அழுத்தமும் இருக்கும், வெளித்தோல் அங்கங்கே காகிதம் போல உரிந்திருக்கும். நசுக்கினால் உள்ளே வெள்ளை மாவு. கடுகை நசுக்கினால் மஞ்சள் பருப்பும் எண்ணெய்ப் பசையும்.

இப்போது உங்கள் நான்காவது படம். அதில் பத்து ரூபாய் நாணயம் வைத்திருப்பது ரொம்ப நல்லது. அந்த நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. படத்தைக் கணினியில் திறந்து அளந்தால் நாணயம் 540 புள்ளி அகலம் வருகிறது. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு 20 புள்ளி. நாணயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மணிகளை அளந்தேன். நீளம் 46 முதல் 50 புள்ளி, அகலம் 42 புள்ளி சுமார். அதாவது நீளம் 2.3 முதல் 2.5 மி.மீ, அகலம் 2.1 மி.மீ. உமி இல்லை. நாணயத்தின் மேற்பரப்பும் மணியும் ஒரே உயரத்தில் இல்லாததால் சின்னப் பிழை இருக்கும், ஆனால் முடிவை மாற்றும் அளவுக்கு இருக்காது.

உமி நீக்கிய தினை இவ்வளவு பெரிதாக வராது. நீளம் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ, அகலம் அதைவிடக் குறைவு, பார்வைக்கு முட்டை வடிவம். உங்கள் மணி கிட்டத்தட்ட உருண்டை. பனிவரகு அரிசிக்கு இந்த அளவும் வடிவமும் பொருந்துகின்றன. சாமையாக இருக்க வாய்ப்பில்லை, அது தினையைவிடப் பெரிதாக இருக்காது, நிறமும் வெளிறியிருக்கும். குதிரைவாலி அரிசி வெள்ளை, ஒரு பக்கம் தட்டை.

அளவை மட்டும் வைத்து முடிவு சொல்ல எனக்கு விருப்பமில்லை. ரகத்துக்கு ரகம் அளவு மாறும். மணியின் முளைதான் நம்பகமான சாட்சி. உமி நீக்கிய மணியைத் திருப்பிப் போட்டால் ஒரு பக்கம் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு தடம் தெரியும். செடி முளைத்து வரும் இடம் அது. தினையில் அந்தத் தடம் குறுகலாக, மணியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே போகும். பனிவரகில் அகலமாக, ஏறக்குறைய பாதியிலேயே நின்றுவிடும். அகழாய்வில் கிடைக்கும் கரிந்த மணிகளில் உமியும் இருக்காது, நிறமும் இருக்காது. அவற்றில் தினையையும் பனிவரகையும் பிரிக்கத் தொல்தாவரவியலாளர்கள் பார்க்கும் முக்கியமான அடையாளம் இந்தத் தடத்தின் நீளம்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்த கரிந்த மணியில் தெரிவது, போன வாரம் வாங்கிய மணியில் கட்டாயம் தெரியும். இயந்திரத்தில் முளை உதிர்ந்துபோயிருந்தாலும் அது இருந்த குழி மிஞ்சும், அதன் நீளத்தை அளந்தாலும் போதும்.

உங்கள் படத்தில் இரண்டு மணிகள்தான் முளைப்பக்கம் மேலே வர விழுந்திருக்கின்றன. ஒன்றில் வெளிச்சம் பட்டுத் தடம் அழிந்துவிட்டது. மற்றொன்றில் மணி 48 புள்ளி நீளம், தடம் 23 புள்ளி. பாதி. அதனால்தான் பனிவரகு என்றேன். ஆனால் ஒரே மணியை நம்பி உறுதியாகச் சொல்வது சரியில்லை, இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.

எடுக்கும் முறை இதுதான். பள்ளிக்கூட வரைபடத் தாள் ஒன்றை எடுங்கள், அதில் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. பத்து மணிகளை ஊசியால் நகர்த்தி முளைப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். பிறகு அதே பத்தை ஒன்றையொன்று தொடும்படி நீளவாக்கில் வரிசையாக வைத்து இன்னொரு படம். மொத்த நீளத்தைப் பத்தால் வகுத்தால் சராசரி வந்துவிடும், ஒற்றை மணியை அளப்பதைவிட இது பிழை குறைவு. வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து சாய்வாக விழட்டும். ஃபிளாஷ் போட்டால் தடத்தின் நிழல் போய்விடும், மணி வெறும் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுக்க வேண்டாம், வெள்ளைச் சாமைகூட அதில் மஞ்சளாகிவிடும். போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் படம் கலங்கும். கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வாங்கிய பையின் அடியில் உமியோடு தப்பிய மணி ஒன்றிரண்டு பெரும்பாலும் கிடக்கும். அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பனிவரகின் உமி கண்ணாடி போல வழவழவென்று பளபளக்கும். தினையின் உமியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலே நுண்ணிய சுருக்கங்கள் தெரியும். உமியோடு கிடைத்த மணி மூன்று மி.மீ பக்கம் வந்தால் பனிவரகு, இரண்டை ஒட்டி நின்றால் தினை. நகை நிறுக்கும் சிறிய தராசு கைவசம் இருந்தால் உமியுள்ள மணி இருநூறு எண்ணி நிறுத்துப் பார்க்கலாம். தினை அரை கிராம் சுமார்தான் வரும், பனிவரகு ஒரு கிராமைத் தாண்டும்.

இரண்டும் கலந்த பையாகவும் இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து அரைத்தால் முந்தைய தானியம் கொஞ்சம் ஒட்டி வரும். பத்து மணியில் எட்டு பாதித் தடமும் இரண்டு நீண்ட தடமும் காட்டினால், இடையில் ஒரு புது வகை என்று எண்ண வேண்டாம், கலப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவர் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். உமி போன பிறகு இரண்டும் மஞ்சள்தான், மூட்டை மாறுவது எளிது.

மணி நன்றாகத் தீட்டப்பட்டு, முளையும் போய், குழியும் மழுங்கிப் பளபளப்பாக இருந்தால் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. அப்போது அதே கடையில் தீட்டாத மணியாகவோ, உமியோடு விதைக்கு வைத்திருப்பதையோ ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.